அம்மாவின் மூன்றாவது மாத்திரை

கடந்த மே மாதம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் அப்பா தொலைபேசியில் அழைத்தார். அந்த நேரத்தில் அவர் அழைப்பவர் அல்லர். "பதறாதே தம்பி, அம்மா இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள்" என்றுதான் தொடங்கினார். படுக்கையிலிருந்து எழுந்து வாசல் தெளிக்கப் போன அம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நிலைப்படியைப் பிடிக்கப் போய்ப் பிடி தவறி, நெற்றி நிலையில் இடிக்கச் சரிந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. நெற்றியில் ஒரு வீக்கம், முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அம்மாவுக்கு வயது 63. அந்த வயதில் ஒரு விழுகை இடுப்பெலும்போடு முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அந்த விழுகையில் எனக்கும் பங்கு உண்டு என்பது இரண்டு நாள் கழித்தே புரிந்தது. அதைப் பொதுவில் எழுதுவதற்குக் காரணம், இதைப் படிக்கும் நண்பர்களில் பலர் என்னைப் போலவே வெளியூரில் ஆய்வு செய்துகொண்டு, ஊரிலிருக்கும் பெற்றோருக்கு 'உடம்புக்கு நல்லது' என்று எதையாவது அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் என்பதுதான்.

நான் ஐதராபாத்தில் தாவர வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பூக்களுக்கும் கனிகளுக்கும் சிவப்பையும் ஊதாவையும் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமிகள் என் ஆய்வுப்பொருள். இந்த ஊரில் கோங்கூரா இல்லாத சமையலறை இல்லை. நம் ஊரில் புளிச்சக்கீரை என்கிறோம். அதே இனத்தில், இலைக்காக அல்லாமல் சதைப்பற்றுள்ள சிவந்த புல்லிவட்டத்துக்காகவே வளர்க்கப்படும் வகை ஒன்று உண்டு. பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிக் குவளைபோல் நிற்கும் அந்தப் புல்லிவட்டத்தை உலர்த்தி வெந்நீரில் இட்டால், மாதுளைச் சாற்றின் நிறத்தில் புளிப்பான பானம் கிடைக்கும். எகிப்தில் கர்க்கடே என்றும், செனகலில் பிசாப் என்றும், மெக்சிகோவில் ஹமைக்கா நீர் என்றும் நெடுங்காலமாகக் குடித்துவரும் பானம் இது. நம் கடைகளில் 'செம்பருத்தித் தேநீர்' என்ற பெயரில் விற்கிறார்கள்.

இந்தப் பெயரே முதல் குழப்பம். நம் வீட்டு வேலியோரம் பூத்து, பூசைக்கும் தலைக்கும் பயன்படும் செம்பருத்தி ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். இரத்த அழுத்தம் குறித்த மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்டது ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா, அதாவது புளிச்சை. ஒன்றில் நாம் எடுப்பது பூவிதழ், மற்றொன்றில் புல்லிவட்டம். ஒன்றைப் பற்றிய ஆய்வு முடிவை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது.

ஏப்ரல் தொடக்கத்தில், என் ஆய்வுக்கூடத்துக்காகப் புல்லிவட்டம் வாங்கிய கடையிலேயே வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக் கும்பகோணத்துக்கு அனுப்பினேன். "பிரஷருக்கு நல்லதும்மா, தினமும் குடிங்க" என்று சொன்னேன். எவ்வளவு என்று சொல்லவில்லை. அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் அப்போது எனக்கு நினைவில் இல்லை. அந்த நிறமியின் மூலக்கூற்று அமைப்பைத் தூக்கத்தில் கேட்டாலும் வரைந்து காட்டக்கூடியவன் நான். அம்மாவின் மாத்திரை அட்டையை ஒருமுறைகூட வாசித்ததில்லை.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கர். வீட்டில் இரத்த அழுத்தமானி வந்த நாள்முதல், ஞாயிறுதோறும் காலையில் அம்மாவுக்கு அளந்து நோட்டில் குறித்துவருகிறார். மார்ச் மாதப் பக்கத்தில் அளவுகள் 132/82, 136/84 என்றவாறு இருந்தன. தேநீர் தொடங்கிய மூன்றாவது வாரம் 120/76. மே மாத முதல் ஞாயிறு 112/70. அதை என்னிடம் தொலைபேசியில் படித்துக் காட்டியபோது அப்பாவின் குரலில் பெருமை இருந்தது. "உன் டீ வேலை செய்கிறது" என்றார். நானும் மகிழ்ந்தேன். எங்கள் மூவருக்கும் அது நல்ல செய்தியாகவே தெரிந்தது. ஏற்கெனவே மாத்திரையால் கட்டுக்குள் இருந்த அழுத்தம் அதற்கும் கீழே சீராக இறங்கிக்கொண்டே போவது எச்சரிக்கை என்று யாருக்கும் தோன்றவில்லை. அளவுகள் அனைத்தும் உட்கார்ந்த நிலையில் எடுக்கப்பட்டவை என்பதையும் நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

விழுந்த அன்றே அப்பா அருகிலுள்ள மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். சர்க்கரை அளவும் இதயத்துடிப்புப் பதிவும் சரியாக இருந்தன. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்க, அப்பா அட்டைகளைக் காட்டியிருக்கிறார். தேநீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதை யாரும் மருந்து என்று நினைக்கவில்லையே! வெயிலால் வந்த மயக்கமாயிருக்கலாம், ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார். களைத்திருக்கும் அம்மாவுக்குத் தெம்பூட்ட, அன்று மாலை அக்கா அதே தேநீரைச் சற்றுத் தூக்கலாகவே போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் இரவு நான் வீடு போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை காலை அம்மா எழுந்ததும், காப்பிக்கும் மாத்திரைக்கும் முன், நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னேன். பாதங்கள் தரையில், கை மேசைமேல், கைப்பட்டை நெஞ்சின் உயரத்தில். அளவு 108/66. பிறகு அக்கா பக்கத்தில் துணைக்கு நிற்க, எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் அளந்தேன்: 90/58. மூன்றாவது நிமிடம்: 86/56. அம்மா சுவரில் கை வைத்துக்கொண்டு, "லேசாகச் சுற்றுகிறது" என்றார்.

எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் அதை நிலைமாற்றத் தாழழுத்தம் எனலாம். அம்மாவுக்கு மேல் அளவு 22, கீழ் அளவு 10 இறங்கியிருந்தது. நாம் எழும்போது இரத்தம் கால்களை நோக்கி இறங்கும். உடனே குழாய்கள் சுருங்கி அதை மேலே தள்ளவேண்டும். குழாய்களை விரியச் செய்யும் மருந்தும் உடலிலிருந்து நீரை வெளியேற்றும் மருந்தும் மிகும்போது அந்தச் சுருக்கம் போதாமல் போகிறது. மூளைக்குச் சில நொடிகள் இரத்தம் குறைகிறது, கண் இருட்டுகிறது. உட்கார்ந்து எடுத்த அளவை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

பிறகு மாத்திரை அட்டைகளை வாசித்தேன். காலையில் ஒன்று: டெல்மிசார்டன் 40 மி.கி., ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. சேர்ந்த கூட்டு மாத்திரை. இரவில் ஒன்று: அம்லோடிபின் 5 மி.கி. முதலாவதில் உள்ள டெல்மிசார்டன், குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்னும் வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிறது. உடன் இருக்கும் தயசைடு சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. அம்லோடிபின் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. இரண்டு மாத்திரைக்குள் மூன்று வழிகள்.

அடுத்து தேநீர். "எவ்வளவு போடுகிறீர்கள்?" என்று கேட்டேன். "ஒரு பிடி" என்றார் அம்மா. எதிர்வீட்டு அத்தை கேக் செய்ய வைத்திருக்கும் சிறு தராசை வாங்கி வந்து, அம்மாவையே மூன்று முறை பிடி அள்ளச் சொல்லி நிறுத்தேன். 9 கிராம், 11 கிராம், 10 கிராம். அதை அரை லிட்டர் நீரில் இட்டு, நிறம் நன்றாக இறங்கும்வரை கொதிக்கவைத்து, நாள் முழுவதும் மூன்று டம்ளராகக் குடித்து வந்திருக்கிறார்.

இந்த 10 கிராம் என்ற எண்ணை நான் முன்பே வாசித்திருந்தேன் என்பதுதான் என்னை உலுக்கியது. மெக்சிகோவில் எர்ரேரா-அரெயானோ குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகளுக்குக் கொடுத்ததும் அதேதான்: 10 கிராம் உலர்ந்த புல்லிவட்டம், அரை லிட்டர் நீர், நாள்தோறும் காலை உணவுக்கு முன், நான்கு வாரம். ஒப்பீட்டுக் குழுவுக்குக் கேப்டோப்ரில் 25 மி.கி. மாத்திரை நாளுக்கு இருமுறை. தேநீர்க் குழுவின் சராசரி அழுத்தம் சுமார் 139/91-லிருந்து 124/80-க்கு இறங்கியது. கேப்டோப்ரில் குழுவோடு ஒப்பிட்டபோது புள்ளியியல்படி வேறுபாடு காணப்படவில்லை. வெறும் நீர் மட்டும் குடித்த குழு ஒன்று அந்த ஆய்வில் இல்லை என்பதால், அந்த இறக்கம் முழுவதையும் தேநீரின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் அந்த அளவு தேநீரைச் சாதாரணப் பானமாகக் கருதக் கூடாது என்பதற்கு அது போதும். அம்மா ஏறத்தாழ அதே அளவை, இரண்டு மாத்திரைகளோடு மூன்றாவது மாத்திரையாக, மருத்துவருக்குத் தெரியாமல் ஆறு வாரம் சாப்பிட்டிருக்கிறார்.

நான் அம்மாவிடம் 'நல்லது' என்று சொன்னதற்கு ஆதாரமாக மனத்தில் வைத்திருந்தது இன்னோர் ஆய்வு. பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மெக்கே குழுவினர் நடத்தி 2010-இல் வெளியிட்டது. 65 பேர், ஆறு வாரம், நாளுக்கு மூன்று கோப்பை. ஒவ்வொரு கோப்பைக்கும் 240 மி.லி. நீரில் 1.25 கிராம். அதாவது நாளுக்கு 4 கிராமுக்கும் குறைவு. தேநீர்க் குழுவில் மேல் அளவு சராசரியாக 7.2 இறங்கியது. அதே நிறமும் சுவையும் கொண்ட போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3 இறங்கியது. கீழ் அளவில் இரு குழுக்களுக்கிடையே உறுதியான வேறுபாடு இல்லை. இந்த எண்களைக் கருத்தரங்குகளில் நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதே கட்டுரையின் ஆய்வுமுறைப் பகுதியை, அன்று கும்பகோணத்துத் திண்ணையில் உட்கார்ந்து மறுபடி வாசித்தபோது இரண்டு செய்திகள் கண்ணில் பட்டன. முதலாவது, அந்த 65 பேரில் எவரும் அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் அல்லர். அழுத்தம் சற்றே கூடியிருந்து, இன்னும் மாத்திரை தொடங்காதவர்களை மட்டுமே சேர்த்திருக்கிறார்கள். மெக்சிகோ ஆய்விலும் குறைந்தது ஒரு மாதமாக மாத்திரை எடுக்காதவர்களையே சேர்த்தார்கள். ஆய்வுக்கு அது தேவை. இல்லாவிட்டால் இறங்கியது தேநீராலா, மாத்திரையாலா என்று பிரித்தறிய முடியாது. ஆனால் அதன் விளைவு என்ன? இந்தத் தேநீரை ஆர்வத்தோடு வாங்குபவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள். அவர்களைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. ஆய்வு தன் வாசலிலேயே நிறுத்திவைத்த ஒருவருக்கு நான் அதன் முடிவை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது, அந்த 7.2 என்ற சராசரிக்குப் பக்கத்தில் நின்ற திட்டவிலக்கம்: 11.4. சராசரியைவிடப் பெரியது. ஒரே அளவு தேநீர் குடித்தவர்களில் சிலருக்கு எதுவும் இறங்காமலும், சிலருக்குச் சராசரியைப் போலப் பல மடங்கு இறங்கியும் இருந்தால்தான் இப்படியொரு எண் வரும். அழுத்தம் நாளுக்கு நாள் தானாகவே ஏறி இறங்குவதும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆகவே 'ஏழு புள்ளிதானே இறங்கும்' என்று தனி ஒருவருக்கு வாக்குக் கொடுக்க எவராலும் முடியாது.

மாத்திரையும் தேநீரும் ஏன் மோதுகின்றன? புல்லிவட்டத்தில் உள்ள முதன்மையான இரு ஆந்தோசயனின்கள், ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் நொதியைத் தடுப்பதைச் சோதனைக்குழாயில் கண்டிருக்கிறார்கள். கேப்டோப்ரிலும் தடுப்பது அதே நொதியைத்தான். டெல்மிசார்டன் அதே பாதையில் அடுத்த கட்டத்தில் நிற்கிறது. ஒரே வாய்க்காலில் மேலே ஒரு மடையும் கீழே ஒரு மடையும் அடைப்பதுபோல. அதோடு இந்தத் தேநீர் சிறுநீரையும் பெருக்கும். இந்தச் சாற்றையும் ஹைட்ரோகுளோரோதயசைடையும் சேர்த்துக் கொடுத்த விலங்காய்வு ஒன்றில் சிறுநீரின் அளவு கூடியது. எனினும் மாத்திரையின் இறக்கத்தோடு தேநீரின் இறக்கத்தைக் கூட்டி விடை சொல்லிவிடலாகாது. முன்பே அடைபட்ட பாதையில் இரண்டாவது தடையின் பலன் குறைவாகவும் இருக்கலாம். வெயிலில் உடல் நீர் வற்றியவருக்கு மிகுதியாகவும் இருக்கலாம்.

வெயிலைச் சொல்லக் காரணம் உண்டு. அம்மா விழுந்ததற்கு முந்தைய நாள் ஏகாதசி. பகல் முழுவதும் உணவில்லை, தண்ணீரும் குறைவு. வெளியே மே மாதக் கொளுத்தல். தேநீர் மட்டும் 'பானம்தானே' என்று வழக்கம்போல் மூன்று டம்ளர். ஆகவே தேநீரே காரணம் என்று ஆய்வாளனாக என்னால் முத்திரை குத்த முடியாது. ஒரு நிகழ்ச்சி நிரூபணமாகாது. ஆனால் நோட்டில் உள்ள இறக்கம் ஏகாதசிக்கு நான்கு வாரம் முன்பே தொடங்கிவிட்டது.

பொட்டலத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அன்றே மறுபடியும் மருத்துவரிடம் போனோம். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "இது எப்போது தொடங்கியது?" அப்பா தேதியைக் காட்டினார். அதற்குள் அப்பாவுக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது. "டீயே இவ்வளவு இறக்குகிறது என்றால், ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டு டீயை வைத்துக்கொள்ளலாமா டாக்டர்?" என்றார். வழியில் எனக்கும் அந்த எண்ணம் எட்டிப் பார்த்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார். மாத்திரையில் 40 என்று போட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் 40. அம்மாவின் கைப்பிடியில் இன்று 9, நாளை 11. கொதிக்கும் நேரம் மாறினாலும், அடுத்த பொட்டலம் வேறு வயலிலிருந்து வந்தாலும் சாறு மாறும். பொட்டலம் தீர்ந்துபோய் மகன் அனுப்பப் பத்து நாள் தாமதமானால் அந்தப் பத்து நாளும் ஒரு மருந்து இல்லாமலே கழியும். அப்போது அழுத்தம் ஏறும், ஏறுவது உடம்புக்குத் தெரியாது. "இறங்கினால் தலை சுற்றும், தெரிந்துவிடும். ஏறினால் சொல்லாமல் ஏறும்" என்றார்.

அவர் செய்தது மிக எளிது. தேநீரை அன்றோடு நிறுத்தச் சொன்னார். அன்று காலை மாத்திரையை மட்டும் தள்ளிவைத்து, இரவு மாத்திரையிலிருந்து வழக்கம்போல் தொடரச் சொன்னார். இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்தார். சரியாகவே இருந்தன. ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் உட்கார்ந்தும் நின்றும் அளந்து எழுதி வரச் சொன்னார். மாத்திரை எதையும் மாற்றவில்லை. "ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது" என்றார். என் ஆய்வு நெறியாளர் ஆய்வுக்கூடத்தில் சொல்லும் அதே பாடம்.

மூன்றாம் நாள் காலை உட்கார்ந்து 116/72, நின்று 104/68. ஏழாம் நாள் உட்கார்ந்து 128/80, நின்று 122/78. வெயில் அந்த வாரமும் அப்படியேதான் இருந்தது. தலைச்சுற்றல் நின்றுவிட்டது. அடுத்த ஏகாதசிக்கு விரதம் இருப்பதென்றால் மாத்திரையை என்ன செய்வது என்பதையும் அம்மா மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டார்.

நண்பர்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். இந்தத் தேநீரில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. அழுத்தத்தை அது உண்மையாகவே இறக்குகிறது. மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லாமல் குடிக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் அதுவே. உங்கள் வீட்டில் ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால், மாத்திரையில் கை வைக்காதீர்கள். எவ்வளவு போடுகிறார்கள் என்று நிறுத்துப் பாருங்கள். உட்கார்ந்தும் நின்றும் அளந்து பாருங்கள். நிற்கும்போது மேலே சொன்ன அளவுக்கு இறங்கினாலோ, எழும்போது கண் இருட்டினாலோ, தேநீரை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். போகும்போது மாத்திரை அட்டையோடு பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

அப்பாவின் நோட்டில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது. முன்பு தேதியும் அளவும் மட்டும் இருந்தன. இப்போது 'மாத்திரை தவிர வேறு' என்று கோடு போட்டு ஒரு பத்தி. மீதியிருந்த புல்லிவட்டத்தை அம்மா வீணாக்கவில்லை. வெல்லமும் மிளகாயும் சேர்த்துத் துவையல் அரைத்து, எதிர்வீட்டு அத்தைக்குத் தராசைத் திருப்பித் தரும்போது ஒரு கிண்ணம் கொடுத்திருக்கிறார். கொடுப்பதற்கு முன் கேட்டாராம்: "நீ பிரஷருக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா?"

பொட்டலத்தை அஞ்சலில் சேர்க்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.